மன்னார்குடி வீட்டு மாடி: அளவுப் பட்டியலும் பட்ஜெட்டும் (விலையேற்ற ஒதுக்கீட்டோடு)

தேதி: 25 அக்டோபர் 2025

மாமா, மேஸ்திரி சொன்ன "சதுர அடிக்கு 1,800" கணக்கை வைத்து 600 சதுர அடிக்கு 10,80,000 ரூபாய் என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். அந்த 1,800-க்குள் எந்த ஓடு, எத்தனை லைட் பாயிண்ட், என்ன கதவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வேலையை ஒவ்வொன்றாக அளந்து, அதற்கு எவ்வளவு சாமான் என்று பார்த்து, இன்றைய விலை போட்டு, அந்தச் சாமானை எந்த மாதம் வாங்கப் போகிறோமோ அதுவரைக்குமான ஏற்றத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன். தை மாதம் பூஜை, ஆவணியில் பால் காய்ச்சுவது என்று வைத்துத்தான் எல்லா மாதக் கணக்கும்.

அளவுகள்

மாடி 30 அடிக்கு 20 அடி. படிக்கட்டு ஏற்கெனவே வெளியே இருப்பதால் அது கணக்கில் இல்லை.

கான்கிரீட்: பில்லர் 9, ஒவ்வொன்றும் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம், 10 அடி உயரம், மொத்தம் 67.5 கன அடி. பீம் நீளவாக்கில் மூன்று வரிசை, குறுக்கே மூன்று வரிசை, ஆக 150 அடி, 112.5 கன அடி. கூரை நாலு பக்கமும் ஓரடி வெளியே வருவதால் 32-க்கு 22, 5 அங்குல கனம், 293 கன அடி. லிண்டல், சன்ஷேடு 60. எல்லாம் சேர்த்து 533, நான் 535 என்று எடுத்துக்கொண்டேன்.

செங்கல்: வெளிச்சுவர் 9 அங்குலம், ஜன்னல் கதவு கழித்து 585 கன அடி. உள்சுவர் நாலரை அங்குலம், 129. கைப்பிடிச் சுவர் 108 அடி நீளம், 3 அடி உயரம், 121. மொத்தம் 835 கன அடி. கன அடிக்கு பதிமூன்றரைக் கல், உடைசல் 5 சதவீதம் சேர்த்தால் 11,800 சொச்சம் வரும், 12,000 என்று வையுங்கள். ஒரு கல் இறக்கிக் கொடுத்து 9 ரூபாய். மேலே ஏற்றுகிற கூலி இதில் வராது, அதைத் தனி வரியாகப் போட்டிருக்கிறேன். மாடி வேலையில் கீழ்த்தளக் கணக்கை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் விடுகிற முதல் வரி அதுதான். கல்லுக்கு 1.20 வீதம் 14,400, மணல் ஜல்லி ஏற்ற 9,000, ஆக 23,400.

கம்பி: கூரைக்கு 664 கிலோ, பீமுக்கு 478, பில்லருக்கு 344, லிண்டல் சன்ஷேடுக்கு 102. வெட்டுக் கழிவு சேர்த்து 1,650 கிலோ, கிலோ 60 ரூபாய். வண்டி வந்ததும் எடைமேடைச் சீட்டை மட்டும் பார்க்காமல் கம்பியை எண்ணுங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் முழுக்கம்பி 10.66 கிலோ. 8 மி.மீ. முழுக்கம்பி 4.74. எண்ணிக்கையைப் பெருக்கினால் சீட்டில் உள்ள எடை கிட்டத்தட்ட வர வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அதற்கு மேல் இடித்தால் கம்பியை இறக்க விடாதீர்கள், எனக்கு போன் பண்ணுங்கள்.

சிமெண்ட் 250 மூட்டை: கான்கிரீட்டுக்கு 121, கட்டுவேலைக்கு 40, பூச்சுக்கு 45, தரைக்கு 20, மொட்டை மாடி ஓட்டுக்கு 20, மீதி 4 சில்லறை வேலைக்கு. மூட்டை 330 ரூபாய். செப்டம்பர் 22-ஆம் தேதி சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனதே, அதற்குப் பிந்தைய விலை இது. போன வருடம் எதிர்வீட்டில் கட்டியவர்கள் பில்லோடு இதை ஒப்பிட வேண்டாம்.

எம்-சாண்ட் 7 யூனிட் 6,500 வீதம், பூச்சுக்கு பி-சாண்ட் இரண்டரை யூனிட் 7,500 வீதம், 20 மி.மீ. ஜல்லி 5 யூனிட் 5,000 வீதம். யூனிட் என்றால் 100 கன அடி. லாரி வந்ததும் தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். டிரைவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பூச்சு 3,560 சதுர அடி. தரை ஓடு 605 சதுர அடி (கழிவோடு) 55 ரூபாய், பாத்ரூம் சுவர் ஓடு 165 சதுர அடி 45 ரூபாய், மொட்டை மாடிக்கு கூலிங் டைல்ஸ் 690 சதுர அடி 40 ரூபாய். யுபிவிசி ஜன்னல் 6, 96 சதுர அடி 550 வீதம் 52,800. அதற்கு இரும்பு கிரில் 19,200. தேக்கு வாசற்கதவு நிலையோடு 32,000. அறைக்கதவு இரண்டு 22,000. பாத்ரூம் கதவு 6,000. மின்சாரம் 32 பாயிண்ட்.

கூலி

கட்டுவேலை, சென்ட்ரிங், கம்பி கட்டுவது, பூச்சு எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 450. எந்தச் சதுர அடி என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். சுவருக்கு வெளி விளிம்பு அளந்தால் 600, கூரை விளிம்பு அளந்தால் 704. வித்தியாசம் 46,800 ரூபாய். நான் மேஸ்திரியிடம் 600 என்றுதான் பேசியிருக்கிறேன், ஒப்பந்தத்தில் அந்த எண்ணே இருக்க வேண்டும். ஆகஸ்ட் 2026 முடிய கூலி ஏறாது என்றும் அதில் ஒரு வரி. பிளம்பர் 25,000, எலக்ட்ரீசியன் பாயிண்டுக்கு 650 வீதம் 20,800, பெயின்டர் சதுர அடிக்கு 12 வீதம் 42,720, ஓடு பதிக்க, கழிவு போக, 1,404 சதுர அடிக்கு 22 வீதம் 30,888.

தொகை

| வேலை / சாமான் | இன்றைய விலை (ரூ.) | ஏற்றம் | ஏற்றத் தொகை (ரூ.) |
|---|---|---|---|
| மேல்தளத்துப் பழைய ஓடு பெயர்ப்பு, பில்லர் கம்பி சீர் செய்தல் | 28,800 | இல்லை | 0 |
| சிமெண்ட் | 82,500 | 5% | 4,125 |
| கம்பி | 99,000 | 8% | 7,920 |
| எம்-சாண்ட், பி-சாண்ட், ஜல்லி | 89,250 | 10% | 8,925 |
| செங்கல் | 1,08,000 | 6% | 6,480 |
| மேலே ஏற்றுகூலி | 23,400 | இல்லை | 0 |
| கதவு, ஜன்னல், கிரில் | 1,32,000 | 4% | 5,280 |
| ஓடுகள் | 68,300 | 3% | 2,049 |
| பிளம்பிங் சாமான் | 75,000 | 5% | 3,750 |
| மின் சாமான் | 62,000 | 10% | 6,200 |
| பெயின்ட், நீர்க்கசிவுத் தடுப்பு | 61,840 | 3% | 1,855 |
| கட்டுவேலைக் கூலி | 2,70,000 | இல்லை | 0 |
| மற்ற கூலி | 1,19,408 | 6% | 7,164 |
| வரைபடம், அனுமதி, தண்ணீர், கரண்ட் | 50,000 | இல்லை | 0 |
| மொத்தம் | 12,69,498 | | 53,748 |

இரண்டும் சேர்ந்து 13,23,246. அதன்மேல் எதிர்பாராத வேலைக்கு இன்றைய விலையில் 5 சதவீதம், 63,475. கடைசித் தொகை 13,86,721 ரூபாய்.

ஏற்றம் ஏன் இப்படி

எல்லாவற்றுக்கும் மொத்தமாக 10 சதவீதம் போட்டிருந்தால் 1,26,950 ஆகியிருக்கும். அவ்வளவு தேவையில்லை, ஏனென்றால் பாதிச் சாமானை நாம் நாலைந்து மாதத்துக்குள் வாங்கிவிடுவோம், பெரிய கூலி ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டுவிட்டது.

கம்பியை முதலில் வாங்குவதால் ஏற்றம் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அது ஒரே மாதத்தில் ஏறி ஒரே மாதத்தில் இறங்கும் பொருள். 2022 மார்ச், ஏப்ரலில் எகிறியது நினைவிருக்கும், மே மாதம் மத்திய அரசு ஏற்றுமதி வரி போட்ட பிறகுதான் இறங்கியது. அதற்காக 8. மணலும் ஜல்லியும் குவாரி, லாரி, வரி மூன்றையும் நம்பி இருக்கின்றன. 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்தபோது விலை ஏறியதை நீங்களே பார்த்தீர்கள், நமக்கு வண்டித் தூரமும் அதிகம். அதற்கு 10. மின் வயர் செம்பு விலையோடு ஓடுவதால் அதற்கும் 10. செங்கல் மழைக்காலத்தில் சூளை நின்று விலை கூடும், மாசி பங்குனியில் வாங்கினால் புதுக்கல் வந்திருக்கும், அதனால் 6 போதும், மார்கழியில் அவசரப்பட்டு வாங்கி அடுக்க வேண்டாம். சிமெண்டை மூட்டையாக மொத்தமாக வாங்கி வைத்து ஏற்றத்தைத் தவிர்க்கலாமே என்று கேட்டீர்கள். வேண்டாம் மாமா, மூன்று மாதம் கிடந்தால் ஈரக்காற்றில் வலு குறையும். 50, 60 மூட்டையாக எடுப்போம்.

ஏற்றப் பணம் 53,748-ஐயும் எதிர்பாராத வேலைக்கான 63,475-ஐயும் ஒரே கணக்கில் போடாதீர்கள். முதலாவது, பட்டியலில் உள்ள அதே அளவை அதிக விலைக்கு வாங்கும்போது மட்டும். இரண்டாவது, பட்டியலில் இல்லாத வேலை வந்தால் மட்டும், உதாரணமாக மேலே நீட்டி விட்ட பழைய பில்லர் கம்பி நாம் நினைத்ததைவிட அதிகமாகத் துருப்பிடித்திருந்தால். அத்தை கேட்ட சமையலறை கப்போர்டு இந்த இரண்டிலும் வராது, அது தனிச் செலவு, இந்த 13.87 லட்சத்துக்கு வெளியே. பூஜை அறைக் கதவும் அப்படியே.

ஒவ்வொரு முறை சாமான் வாங்கும்போதும் நோட்டில் மூன்று எண்: பட்டியல் விலை, வாங்கிய விலை, வித்தியாசம். வித்தியாசம் ஏற்றத் தொகையிலிருந்து கழிய வேண்டும். கம்பி 58-க்குக் கிடைத்தால் மிச்சத்தை மணலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தை தள்ளிப்போய் வைகாசியில் ஆரம்பித்தால் ஏற்றப் பத்தியை முழுக்க மாற்ற வேண்டும். கூலி ஒப்பந்தமும் ஆகஸ்டோடு முடிந்துவிடும், அதற்கு 6 சதவீதம் என்றாலே 16,200 தனியாக. ஏற்றத் தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

பணம் எப்போது வேண்டும்

மே முடிவதற்குள், அதாவது கூரை போட்டு முட்டு பிரிக்கும் வரை, 7.8 லட்சம் வரை கையில் இருக்க வேண்டும். மீதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பரவலாகப் போகும். உங்கள் ரிட்டயர்மென்ட் பணத்தில் டெபாசிட் ஒன்று மார்ச்சில் முதிர்கிறது என்றீர்கள், அது கூரை கான்கிரீட் நாளுக்கு முந்தியே வருவதால் உடைக்க வேண்டியதில்லை.

அனுமதிக்கு சுயசான்று முறையிலேயே போகலாம்: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500-க்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் 2024 ஜூலையிலிருந்து அந்த வசதி இருக்கிறது. நம் வீடு அதற்குள் அடங்கும். பட்டாவின் நகலும் பழைய வரைபடமும் நவம்பர் 5-க்குள் அனுப்புங்கள்.

தேக்குக் கதவா, அல்லது 32,000-க்குப் பதில் 18,000-க்கு வேறு மரமா என்பதை மட்டும் நீங்களும் அத்தையும் பேசிச் சொல்லுங்கள். மாற்றினால் அந்த வரியில் 14,000-மும் அதற்கான ஏற்றம் 560-மும் குறைத்து, எதிர்பாராத வேலைக்கான 5 சதவீதத்தையும் திருத்தி, புதிய பட்டியலை அனுப்புகிறேன்.