குழாய் திறந்திருக்கிறது, கை அங்கே இல்லை: காலைக் கூட்ட உரை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் சக மாணவ மாணவியரே, அனைவருக்கும் காலை வணக்கம்.

வரும் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். 1992-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை எடுத்த முடிவின்படி, 1993 முதல் ஆண்டுதோறும் அது கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி ஒன்பதாம் வகுப்பின் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். சுவரில் எழுதத்தக்க வாசகங்களைத் தேடித் தொகுக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். நான்கைந்து எழுதியதும், இவற்றையெல்லாம் நீங்களும் மனப்பாடமாக அறிவீர்கள் என்பது நினைவுக்கு வந்ததால், தாளை மூடி வைத்துவிட்டு, ஒரு பத்து லிட்டர் வாளியையும் நொடிமுள் உள்ள கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போனேன். அங்கே கிடைத்த கணக்குகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில் முகம் கழுவும் குழாய். வழக்கமாக நாங்கள் திறக்கும் அளவுக்குத் திறந்து வைத்தபோது, வாளி நிறைய 100 நொடிகள் ஆயின. அப்படியென்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அடுத்து, நான் பல் துலக்கும் நேரத்தைத் தம்பியிடம் கடிகாரத்தைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். மொத்தம் இரண்டு நிமிடம். அதில் பிரஷை நனைப்பதற்கும் கடைசியில் வாய் கொப்பளிப்பதற்கும் சேர்த்து 20 நொடிகள்தான் எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. மீதி 100 நொடிகளும் பிரஷ் என் வாய்க்குள் இருந்தது, குழாயோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த 100 நொடி என்பது, சற்றுமுன் வாளி நிறைய எடுத்துக்கொண்ட அதே 100 நொடிதான். ஒரு முறை பல் துலக்குவதற்குள் ஒரு வாளித் தண்ணீரை, ஒரு துளிகூடத் தொடாமல், நேராகச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், நால்வரும் இப்படிச் செய்தால் காலையும் இரவும் சேர்த்து 80 லிட்டர் என்று பெருமையாகக் கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "மற்ற மூன்று பேரும் குவளையில் பிடித்துத்தான் கொப்பளிக்கிறோம், திறந்து விடுவது நீ ஒருவன்தான்" என்றார். ஆகவே 80 என்பதை 20 என்று திருத்திக்கொண்டேன். அந்த 20 லிட்டரும் முழுக்க என் கணக்கில் சேர்ந்தது.

20 லிட்டர் பெரிய அளவா என்று சிலருக்குத் தோன்றலாம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க என ஒரு மனிதரின் அடிப்படைத் தேவைகளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைந்தபட்ச அளவில் ஐந்தில் இரண்டு பங்கை நான் பல் துலக்கும்போது மட்டுமே வீணாக்கி வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் ஒன்றை மட்டும் கவனிக்கத் தொடங்கினேன். தண்ணீர் ஓடும்போது கை அதற்குள் இருக்கிறதா, இல்லையா? கைக்குச் சோப்புத் தேய்க்கும்போது இல்லை. பாத்திரத்தைத் தேய்க்கும்போது இல்லை. ஷவரின் கீழ் நின்று தலைக்கு ஷாம்பு போடும்போது, தண்ணீர் முதுகில் பட்டுக்கொண்டிருந்தாலும், அது எந்த அழுக்கையும் கழுவவில்லை. எங்கள் ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிறது. எட்டு நிமிடம் நின்றால் 64 லிட்டர். சோப்புப் போடும் மூன்று நிமிடத்துக்கு மூடினாலே 24 லிட்டர் மிஞ்சிவிடும், குளியலில் ஒரு குறையும் வராது. வாளியில் பிடித்துக் குளிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு செலவாகிறது என்பது அவர்களின் கண் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று கை கழுவுவதைக் குறைத்துக்கொள்வதும், தாகத்தை அடக்கிக்கொண்டு குடிக்காமல் இருப்பதும் சேமிப்பே அல்ல. கையைச் சோப்புப் போட்டு 20 நொடி நன்றாகத் தேய்க்கத்தான் வேண்டும், ஆனால் அந்த 20 நொடியும் குழாய் மூடியிருக்கலாம்.

இதுவரை சொன்னவை நம் கண்ணுக்குத் தெரிகிற விரயங்கள். கண்ணுக்குத் தெரியாதவைதான் என்னை அதிகம் திகைக்க வைத்தன. எங்கள் சமையலறைக் குழாய் பல நாட்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. 'சொட்டுத்தானே' என்று எல்லோரும் விட்டுவிட்டோம். ஒரு விடுமுறை நாளில் அதன் கீழே அரை லிட்டர் பாத்திரம் ஒன்றை வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போனேன். 50 நிமிடத்தில் பாத்திரம் விளிம்பைத் தொட்டது. ஒரு நாளுக்குக் கணக்கிட்டால் 14 லிட்டருக்கு மேல், ஓர் ஆண்டுக்கு ஐயாயிரம் லிட்டருக்கும் அதிகம். தம்பி அந்தக் குழாயைத் தன் பலம் முழுவதையும் போட்டு இறுக்குவான், சொட்டு நிற்கும், மறுநாள் மறுபடியும் தொடங்கும். அப்படி முறுக்க முறுக்க உள்ளே இருக்கும் வாசர் இன்னும் சீக்கிரம் தேயும் என்று, பழுது பார்க்க வந்தவர் குழாயைக் கழற்றிக் காட்டி விளக்கினார். நடுவில் வளையம்போல் பள்ளம் விழுந்திருந்த, நகக்கண் அளவுள்ள அந்தச் சிறு ரப்பர் வட்டைத்தான் இத்தனை நாளும் நாங்கள் மாற்றாமல் இருந்திருக்கிறோம். புதியதைப் போட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவரே கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கும் ஒரு சோதனை சொல்லித் தந்தார். தொட்டியின் மூடியைத் திறந்து, உணவுக்குச் சேர்க்கும் நிறமியில் சில துளிகளைத் தண்ணீரில் விட வேண்டும். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கீழே கோப்பையைப் பார்க்க வேண்டும். அங்கே நிறம் இறங்கியிருந்தால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பு கசிகிறது என்று பொருள். சத்தமே இல்லாமல், இரவு பகலாக, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இறங்கும் கசிவு அது. எங்கள் வீட்டுக் கோப்பையில் அன்று தெளிவாகச் சிவப்பு இறங்கியிருந்தது. வீட்டில் தண்ணீர் மீட்டர் இருந்தால் நிறமிகூடத் தேவையில்லை. இரவு எல்லோரும் படுத்தபின் மீட்டர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, காலையில் யாரும் குழாயைத் தொடுமுன் மறுபடியும் பார்த்தால் போதும். இடையில் யாரும் புழங்காதபோதும் எண் நகர்ந்திருந்தால், எங்கோ கசிகிறது.

ஒருமுறை பயன்பட்ட தண்ணீரை இரண்டாம் முறை பயன்படுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்களையும் அரிசியையும் ஓடும் குழாயில் பிடிக்காமல் ஒரு பாத்திரத்தில் அலசினால், அந்தத் தண்ணீர் அப்படியே செடிக்குப் போகும். துணி அலசிய கடைசித் தண்ணீரில் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. சுத்திகரிப்பான் உள்ள வீடுகளில், குடிக்கக் கிடைக்கும் தண்ணீரைவிட வெளியே தள்ளப்படும் கழிவு நீர் பல நேரங்களில் அதிகம். அந்தக் குழாயின் கீழே ஒரு வாளி வைத்தால் தரை துடைக்கும் வேலைக்குத் தனியாகத் தண்ணீர் பிடிக்கவே வேண்டாம். ஆனால் அதில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். பிடித்து வைக்கும் எந்தத் தண்ணீரையும் மூடி வைக்க வேண்டும் என்பதும் முக்கியம், இல்லாவிட்டால் சேமித்தது கொசுவாகத்தான் இருக்கும். செடிகளுக்கு வெயில் ஏறுமுன்போ, வெயில் தாழ்ந்த பிறகோ ஊற்றினால் ஆவியாகிப் போவது குறையும். துணி துவைக்கும் இயந்திரத்தை இரண்டு சட்டைகளுக்காக ஓட்டாமல், துணி நிறையச் சேர்ந்த பிறகு ஓட்டலாம்.

என் வகுப்பு நண்பன் ஒருவன் இந்தக் கணக்குகளையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். உலகில் மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது, மீதியிலும் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கு, அப்படியிருக்க நம் வீட்டுக் குழாயை மூடி என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்விதான், மழுப்ப நான் விரும்பவில்லை. நாம் பல் துலக்கும்போது குழாயை மூடுவதால் உலகத்தின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடாது. ஆனால் நம் வீட்டுக் குழாயில் வருவது வெறும் தண்ணீர் மட்டும் அல்ல. எங்கிருந்தோ எடுத்து, வடிகட்டி, கிருமி நீக்கி, மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றி, குடிக்கத் தகுந்ததாக்கி அனுப்பிய தண்ணீர் அது. அதைத் தொடாமலே சாக்கடையில் விடும்போது அத்தனை உழைப்பும் அதனுடன் சேர்ந்து போகிறது, போன தண்ணீரைச் சுத்திகரிக்க மறுபடியும் செலவாகிறது. கோடையில் வரத்துக் குறையும்போது, ஒரே தொட்டியிலிருந்து பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், முதல் வீடு வழியவிட்டது கடைசி வீட்டுக்குக் கிடைக்காமல் போகிறது. பூமியிலுள்ள தண்ணீரில் நன்னீர் சுமார் 2.5 விழுக்காடுதான், அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறைகளில் உறைந்து கிடக்கிறது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த விழுக்காட்டை மாற்ற என்னால் முடியாது, என்னுடைய 100 நொடியை என்னால் மாற்ற முடியும்.

பள்ளியிலும் நான் பார்க்கும் ஒன்று உண்டு. மாலை மணி அடித்ததும், பை கனக்கிறது என்று பாட்டிலில் மிஞ்சியதைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறோம். அதை வாசலுக்குப் போகும் வழியிலுள்ள தொட்டிச் செடிகளில் ஊற்றிவிட்டுப் போகலாம், பையும் இலேசாகும்.

ஒரு வேண்டுகோளுடன் முடித்துக்கொள்கிறேன். இன்று மாலை உங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் குழாயின் கீழே பத்து லிட்டர் வாளி ஒன்றை வைத்து, அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து வாருங்கள். 600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். அளந்த பிறகு வாளியிலுள்ளதைக் கொட்டிவிடாமல் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஒன்பதாம் வகுப்பு வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு வெற்றுத் தாளை ஒட்டி வைத்திருப்போம். உங்கள் வகுப்பையும் நொடிக் கணக்கையும் அதில் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு முதல் வரியில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.