உதவிப் பதிப்பாசிரியர் பணி: என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்

மதுரை
14.10.2025

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார்.

உங்கள் பதிப்பகத்தின் உதவிப் பதிப்பாசிரியர் பணிக்கு நான் அனுப்பியிருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மதுரையில் வேறொரு வேலைக்கு நேற்று சம்மதம் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை, 18-ஆம் தேதி காலை எனக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தீபாவளி விடுமுறைக்கு முன்பே இன்னொருவரை அழைத்துப் பேச உங்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன். இன்று காலை அலுவலகத்துக்குப் போன் செய்தபோது நீங்கள் அச்சகம் போயிருப்பதாகச் சொன்னார்கள். இதை இன்னொருவரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

நான் சேரப்போவது ஒரு அறக்கட்டளை நூலகத்தில். பழைய இதழ்களை மின்னுருவாக்கி, ஒவ்வொரு இதழிலும் என்ன இருக்கிறது, யார் எழுதியது என்று அட்டவணைப்படுத்தும் வேலை. நவம்பர் 3-ஆம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, திங்களுக்குள் பதில் வேண்டும் என்றார்கள். உங்கள் முடிவு தீபாவளிக்குப் பிறகுதான் தெரியும் என்று முதல் நேர்காணலிலேயே சொல்லியிருந்தீர்கள். ஒரு வாரம் தள்ளித் தர முடியுமா என்று அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், அவர்களால் முடியவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டி உங்களை அவசரப்படுத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் இன்னும் மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் முழு வாய்ப்புக் கிடைக்க வேண்டுமே.

சம்பளத்துக்காகப் போகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே நீங்கள் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் வீட்டிலிருந்தே போய் வரலாம். அம்மாவுக்கு இந்த ஆண்டு முட்டி அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. சென்னையில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வாரா வாரம் வைகையில் ஓடி வருவதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருந்தது. இது உங்களிடம் விண்ணப்பிக்கும்போதும் தெரிந்த விஷயம்தான். அப்போது மதுரையில் இப்படியொரு வேலை அமையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து, நீங்கள் தேர்வுக்காகக் கொடுத்த இரண்டு ஃபாரம். 1930-களில் வந்த அந்த வேளாண்மை நூலின் மறுபதிப்புக்கான 32 பக்கங்கள். வேலை வேண்டாம் என்றவளுக்கு மெய்ப்பு மட்டும் எதற்கு என்று பாதியில் மூடி வைக்க முடியவில்லை. முதல் ஃபாரம் முழுவதும் முடித்துவிட்டேன். இரண்டாவதில் 27-ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன். செய்தவரை இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். இதற்குக் கூலி எதுவும் வேண்டாம். பயன்பட்டால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து இதைப் பார்ப்பவருக்கு உதவும் என்று சில விஷயங்களை எழுதிவிடுகிறேன்.

மூல நூல் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. தும்பிக்கை போட்ட லை, னை, சுழி மாறிய றா, ணா என்று மாறிப்போன 13 வடிவங்களும் அதில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த மென்பொருள் அவற்றை விதவிதமாகத் தவறாகப் படித்திருக்கிறது. ஆனால் இவை பார்த்த உடனே கண்ணில் படும், சொல்லும் பொருள் தராமல் நிற்கும். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறிய இடங்கள் இன்னும் கொஞ்சம் கஷ்டம். சில இடங்களில் தப்பாகப் படித்த சொல்லும் ஒரு சொல்லாகவே இருந்துவிடுகிறது. அந்த இடங்களை மூலத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் பயமுறுத்துவது 19-ஆம் பக்கத்து விளைச்சல் அட்டவணை. ஆசிரியர் அங்கே தமிழ் எண்களைப் போட்டிருக்கிறார். மென்பொருள் அவற்றை எழுத்துகளாக மாற்றிவிட்டது. ‘அ மரக்கால்’ என்று இருப்பது 8 மரக்கால். ‘சு மரக்கால்’ என்பது 6. அடியில் கூட்டுத்தொகையாக ‘யச’ என்று நிற்கிறது, அது 14. கூட்டிப் பார்த்தபோது சரியாக வந்தது, அதனால் அந்த வரிசையைத் தைரியமாகத் திருத்திவிட்டேன். கடைசி வரிசையில் மட்டும் ‘ரு’ என்று வருகிறது. அது 5-ஆகவும் இருக்கலாம், ரூபாய் என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம். அதற்குக் கூட்டுத்தொகை இல்லை. அதனால் கை வைக்காமல் மஞ்சள் அடித்து விட்டிருக்கிறேன். உங்களிடம் இருக்கும் மூலப் பிரதியில் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது. எனக்குத் தந்த ஜெராக்ஸில் அந்த ஓரம் மங்கிப்போயிருக்கிறது. இன்னொன்று, மரக்கால் அளவு ஊருக்கு ஊர் மாறியது. மறுபதிப்பில் ஓரிடத்தில் லிட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆசிரியர் எந்த வட்டாரத்து மரக்காலைச் சொல்கிறார் என்று முன்னுரையிலோ வேறு அத்தியாயத்திலோ குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைச் செய்தால் நிம்மதி.

ஒற்று விஷயத்தில் உங்கள் நடைக் கையேட்டின்படியே போயிருக்கிறேன். ‘நஞ்சை’, ‘நன்செய்’ இரண்டையும் ஆசிரியர் மாற்றி மாற்றி எழுதுகிறார். அதை ஒரேமாதிரி ஆக்கவில்லை. நேர்காணலில் நீங்கள் சொன்னதுதான் காரணம்: எது ஆசிரியரின் பிழை, எது அவருடைய நடை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றீர்கள். அன்று நான் கமாவைப் போடச் சொன்ன இடத்தை உரக்க வாசித்துக் காட்டி, அங்கே கமா வந்தால் மூச்சு எப்படி முட்டுகிறது என்று புரிய வைத்தீர்கள். வேலைக்கு ஆள் எடுக்க வந்த இடத்தில் இவ்வளவு நேரம் செலவழித்துச் சொல்லிக் கொடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதவும் தயக்கமாக இருந்தது.

பக்கங்களின் ஸ்கேன் படங்களை என் கணினியிலிருந்து அழித்துவிடுகிறேன். நீங்கள் கோப்பு கிடைத்தது என்று ஒரு வரி எழுதியதும் அதைச் செய்கிறேன். ஜெராக்ஸ் கட்டையும் நடைக் கையேட்டையும் நாளை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். என்னைப் பற்றி விசாரிக்க நீங்கள் பேசிய பேராசிரியரிடம் நேற்று இரவே நானே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்களிடமிருந்து அவருக்கு இன்னொரு முறை அழைப்பு வந்து அவர் திகைக்க வேண்டாம் என்பதற்காக.

இந்தப் பணிக்கு எனக்குத் தெரிந்த ஒருவர் பொருத்தமாக இருப்பார் என்று தோன்றுகிறது. நாளிதழில் பிழைதிருத்துநராக இருந்தவர், பேஜ்மேக்கரில் கிடக்கும் பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர், குடியிருப்பதும் சென்னையில்தான். விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது தெரியும். அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. பார்க்கலாம் என்று நினைத்தால் சொல்லுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு உங்களிடம் பேசச் சொல்கிறேன். வேண்டாம் என்றாலும் ஒன்றுமில்லை.

அப்புறம், என்னைப் பற்றி. உங்களோடு வேலை செய்யும் ஆசை எனக்குக் குறையவில்லை. ஆனால் பொத்தாம் பொதுவாக “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்று எழுதிவிட்டு, நீங்கள் கூப்பிடும்போது கையை விரிக்கக் கூடாது இல்லையா? புதிய இடத்தில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதுவரை வெளிவேலை எதுவும் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆகவே ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு நீங்கள் நெருக்கடியில் இருக்கும் நேரத்தில் என்னால் உதவ முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மே மாதத்துக்குப் பிறகு, எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, வார இறுதிகளில் மெய்ப்புப் பார்க்கவோ சொல்லடைவு தயாரிக்கவோ முடியும் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்லடைவு என்றால் எனக்குக் கூடுதல் இஷ்டம். தமிழ் நூல்களில் அது பெரும்பாலும் இல்லாமலே போய்விடுகிறது. இந்த வேளாண்மை நூலுக்கு பயிர்ப்பெயர்கள், அளவைகள், கருவிகள் இவற்றுக்கு மட்டுமாவது ஒன்று போட்டால் அதைத் தேடி வாங்குபவர்கள் இருப்பார்கள். நூல் மே மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் அந்த வேலையை எனக்குத் தர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக நூலைத் தள்ளிப்போட வேண்டாம்!

முழுநேரப் பணி பற்றியும் ஒரு வார்த்தை. ஓரிரு ஆண்டுகள் கழித்து உங்களிடம் இடம் காலியாகி, அப்போது என் சூழ்நிலையும் மாறியிருந்தால், மற்றவர்களைப் போல விளம்பரம் பார்த்து மறுபடி விண்ணப்பிப்பேன். இப்போது எனக்காக எதையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். என் சான்றிதழ் நகல்களை அழித்துவிடலாம். விண்ணப்பத்தோடு தந்த மாதிரிப் பக்கங்களை மட்டும் விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நந்தனத்துக்கு ஒரு நாளாவது வருவேன். உங்கள் அரங்குக்கு வந்து வணக்கம் சொல்கிறேன். அதற்குள் மறுபதிப்பு வந்திருந்தால் முதல் வேலையாக 19-ஆம் பக்கத்தைத்தான் புரட்டுவேன். அடுத்த முறை தமுக்கத்தில் நீங்கள் கடை போடும்போது ஆள் பற்றாக்குறை என்றால் சொல்லுங்கள். பில் போட்டு உட்கார யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நினைக்கிறேன், கேட்டுக்கொள்கிறேன்.

இதில் ஏதாவது பேச வேண்டும் என்றால் மாலை 6 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். எண் விண்ணப்பத்தில் உள்ளதுதான்.

நீங்கள் தந்த நேரத்துக்கும் மரியாதைக்கும் நன்றி சார். அலுவலகத்தில் அனைவருக்கும் என் தீபாவளி வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மு. கயல்விழி

பி.கு.: 22-ஆம் பக்கத்தில் ஏற்றம் இறைப்பது பற்றிய படத்துக்கு விளக்க வரி விடுபட்டிருக்கிறது. அது மூலத்திலேயே இல்லையா, ஸ்கேனில் வெட்டுப்பட்டதா என்று ஜெராக்ஸை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதையும் மஞ்சளில் குறித்திருக்கிறேன்.