தனி ஊசல் ரிப்போர்ட்: திருத்தியபோது அதிகம் கண்ட தவறுகள்

எல்லாருக்கும் வணக்கம். முதலாமாண்டு பி பேட்ச், தனி ஊசல் ரிப்போர்ட் 43-ம் நேற்று ராத்திரி திருத்தி முடித்துவிட்டேன். புதன்கிழமை லேபில் கையில் கிடைக்கும். ஒரே தவறை இருபது பேருக்கு இருபது தடவை மார்ஜினில் எழுதியிருக்கிறேன், இடம் போதாததால் பாதிதான் எழுத முடிந்தது. அதனால் மிச்சத்தை இங்கே சொல்கிறேன். பெயர் யாருடையதும் இல்லை, அவரவர் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எது யாருக்கு என்று தெரிந்துவிடும்.

முதலில் என்னை மிகவும் வருத்தப்படுத்தியது. 100 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவு நேரத்தை மூன்று தடவை எடுக்கச் சொன்னோம். ஒன்பது ரிப்போர்ட்டில் மூன்று ரீடிங்கும் 40.18, 40.18, 40.18. ஸ்டாப்வாட்சை அழுத்துவது உங்கள் விரல், விரல் ஒவ்வொரு தடவையும் ஒரே நூறில் ஒரு பங்கு வினாடியில் அழுத்தாது. 40.05, 40.31, 40.18 என்று வந்திருந்தால் அதுதான் நல்ல ரீடிங், அந்தச் சிதறலிலிருந்துதான் உங்கள் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும். இரண்டு பேர் பென்சிலில் எழுதிய ரீடிங்கை அழித்துவிட்டு மேலே பேனாவில் வேறு எண் எழுதியிருக்கிறீர்கள், அடியில் இருக்கும் எண் இன்னும் தெரிகிறது, அந்த அடியில் இருக்கும் எண்தான் சரியான எண்ணும்கூட. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். g எவ்வளவு வந்தாலும் அதற்காக நான் மார்க் குறைப்பதில்லை, குறைக்கவும் மாட்டேன். வராத ரீடிங்கை எழுதினால் குறைப்பேன்.

அடுத்தது g = 10.8 வந்தவர்கள். ஆறு பேர். ஆறு பேரும் "காற்றின் தடை" என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அது இல்லை. குண்டை நடுப்புள்ளியில் பார்த்து வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்திருக்கிறீர்கள். அப்போது "இருபது" என்று சொல்லி நிறுத்தும்போது உண்மையில் 19 அலைவுதான் முடிந்திருக்கும். 100 செ.மீ.க்கு 40 வினாடி பக்கம் வர வேண்டியது உங்கள் டேபிளில் 38.1, 38.2 என்று இருக்கிறதா, பாருங்கள். அலைவு நேரம் T 5 சதவீதம் குறையும், g-யில் T² இருப்பதால் (20/19)², அதாவது ஏறக்குறைய 11 சதவீதம் கூடும். 9.78 அப்படியே 10.84 ஆகிவிடும். வாட்சை அழுத்தும்போது "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்து டேபிளில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. இந்த ஒன்றை நீங்களே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம், ஏனென்றால் எண் அவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது.

நீளம். ஊசலின் நீளம் நூலின் நீளம் இல்லை, தக்கையின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை. வெர்னியரில் விட்டம் எடுத்து டேபிளில் அழகாக எழுதிவிட்டு, அப்புறம் ஆரத்தைக் கூட்டாமலே விட்டவர்கள் பதினான்கு பேர். நம் லேப் குண்டின் ஆரம் 1 செ.மீ. பக்கம். சின்ன எண்தானே என்று தோன்றும். ஆனால் டேபிளின் கடைசி நெடுவரிசையில் இருக்கும் g-ஐ மேலிருந்து கீழே படியுங்கள்: 50 செ.மீ. வரியில் 9.59, 100 செ.மீ. வரியில் 9.68, நடுவில் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். நூலை நீட்டினால் புவியீர்ப்பு கூடுமா? டேபிளில் ஒரு எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் அது தற்செயல் இல்லை, எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதே பதினான்கு பேருக்கும் கிராஃப் உதவியிருக்கும். T²-ஐ நீளத்துக்கு எதிராக வரைந்தால், ஆரத்தை விட்டுவிட்டாலும் கோட்டின் சாய்வு மாறாது, கோடு மட்டும் ஆதியில் போகாமல் T² அச்சில் 0.04 பக்கம் வெட்டும். அதாவது g சரியாகவே கிடைக்கும், ஆரம் எவ்வளவு என்பதையும் கோடே சொல்லிவிடும். இது இந்தப் பரிசோதனையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் பெரும்பாலோர் கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியாக இழுத்துவிட்டீர்கள், கம்ப்யூட்டரில் வரைந்தவர்கள் வெட்டுத்துண்டு பூஜ்யம் என்று டிக் செய்துவிட்டீர்கள். புள்ளிகள் எங்கே போகச் சொல்கின்றனவோ அங்கே கோட்டை விடுங்கள்.

கிராஃபில் இன்னும் சில. சாய்வு கண்டுபிடிக்க டேபிளிலிருந்தே இரண்டு ரீடிங்கை எடுக்கக் கூடாது, அப்படி எடுத்தால் மற்ற ரீடிங் எல்லாம் வீண். கோட்டின் மேலேயே தூரமாக இருக்கும் இரண்டு இடங்களை எடுங்கள். அச்சில் அலகு எழுதுங்கள். நீளத்தை செ.மீ.யில் வைத்து வரைந்து g = 978 மீ/வி² என்று எழுதியவர்கள் மூன்று பேர், அலகை எழுதிப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். T-ஐ நீளத்துக்கு எதிராக வரைந்து வளைந்த புள்ளிகள் மேல் ஸ்கேலை வைத்த இருவர், புதன்கிழமை என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

g = 9.7434612 என்று எழுதாதீர்கள். கால்குலேட்டர் காட்டியது எல்லாம் நீங்கள் அளந்தது இல்லை. கை தாமதம் 0.2 வினாடி என்று வைத்துக்கொண்டால் 40 வினாடியில் அது 0.5 சதவீதம், g-யில் அது இரட்டிப்பாகும்:

```
Δg/g = Δl/l + 2(ΔT/T)
```

அந்த 2-ஐ விட்டவர்கள் பாதி வகுப்பு. ஸ்கேலின் 1 மி.மீ.யையும் சேர்த்தால் மொத்தம் 1.1 சதவீதம், ஆக 9.74 ± 0.11. இப்படி எழுதினால் போதும், அதற்குமேல் இலக்கம் தேவையில்லை.

"9.81 வரவில்லை, எனவே பரிசோதனை தோல்வி" என்று ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். 9.81 எல்லா ஊருக்கும் பொது இல்லை. பூமத்திய ரேகையில் 9.78, துருவத்தில் 9.83. சென்னையில் 9.78 தான், எனவே 9.74 ± 0.11 நல்ல விடை. தோல்வி என்று எழுதியதை நான் அடித்திருக்கிறேன்.

முடிவுரையில் "மனிதத் தவறு" என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. எந்தத் தவறு, எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்று எழுதுங்கள். ஒரு மாணவி, "குண்டை 30 டிகிரிக்கு இழுத்துவிட்டேன், அதனால் T கூடி g குறைந்திருக்கும்" என்று எழுதியிருந்தார். அவருக்கு வந்தது 9.45. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 30 டிகிரிக்கு அவ்வளவுதான் குறையும். அந்தப் பகுதிக்கு முழு மார்க் போட்டிருக்கிறேன்.

செய்முறையை லேப் மேனுவலில் இருப்பதுபோலவே "தொங்கவிடவும், அளக்கவும்" என்று காப்பியடிக்க வேண்டாம், நீங்கள் செய்ததை எழுதுங்கள்.

கிராஃபையும் பிழைக் கணக்கையும் மட்டும் திருத்தி மறுபடி தர விரும்புகிறவர்கள் அடுத்த திங்கள் மாலை 4 மணிக்குள் லேப் மேஜையில் வைத்துவிடுங்கள், அந்தப் பகுதி மார்க்கை மாற்றித் தருகிறேன், பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன். ரீடிங் டேபிளை மட்டும் தொடாதீர்கள். வியாழன் 2 முதல் 4 வரை லேபிலேயே இருப்பேன், ஊசலை மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும் என்றாலும் வரலாம்.