பட்டுக்கடைப் பக்கம்: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

வணக்கம். திங்கள் முதல் நம் காஞ்சிபுரம் கடையின் ஃபேஸ்புக் பக்கம் உங்கள் கையில்.

கடைக்கு வந்தவரிடம் பேசுவது போலவே எழுதுங்கள். விலை கேட்டால் கமென்ட்டிலேயே சொல்லிவிடுங்கள். ‘இன்பாக்ஸ் பாருங்க’ என்றால் பலருக்கு எரிச்சல் வரும்.

காலை 10 மணிக்கு இன்பாக்ஸ், செவ்வாயும் வெள்ளியும் புதுச் சேலைகள். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபில்டர் வேண்டாம். ஒருமுறை அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிந்து, முகூர்த்தச் சேலையே திரும்பி வந்தது. அந்த அம்மா அழுதது இன்னும் மனதில் இருக்கிறது.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று ஒருபோதும் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் கிடங்கில் கேட்ட பிறகே பதிவு. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளுக்கு நெசவாளர் படம் போடுவோம், அவருடைய சம்மதத்தோடு மட்டும்.

கட்சி, சாதி பற்றி எதுவும் வேண்டாம். வரதராஜர் கோயில் படம் போட்டால் வடகலை, தென்கலைச் சண்டை கமென்ட்டில் தொடங்கிவிடும். பதில் சொல்லாமல் மறைத்துவிடுங்கள். ஆனால் நெசவுக் கூலி பாக்கி என்று யாராவது எழுதினால் மறைக்கக் கூடாது. உடனே முதலாளிக்குப் போன் செய்யுங்கள், இரவானாலும் சரி.

பாஸ்வேர்டு கல்லாவில் உள்ள நீல நோட்டில் இருக்கிறது. முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.