புதிய பணியாளர் பாதுகாப்புப் பயிற்சி: வாசித்துக் கேட்பதற்காகத் திருத்திய உரை

இராணிப்பேட்டை சிப்காட், தோல் பதனிடும் பிரிவு. முதல் நாள், காலை எட்டரை மணி.

வாசிப்பவருக்கு

பழைய உரையில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "அமிலம் கலந்த கழிவுநீரும் சல்பைடு கலந்த கழிவுநீரும் ஒன்றோடொன்று கலக்கும் பட்சத்தில் உருவாகக்கூடிய நச்சு வாயுவினால் ஏற்படும் அபாயத்தைத் தவிர்க்கும் பொருட்டு, எழுத்துப்பூர்வ அனுமதியின்றித் தொட்டிகளுக்குள் இறங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது." தாளில் படிப்பவர் இதைத் திரும்பப் படித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. தடை என்ற செய்தி வருவதற்குள் அவர் கவனம் போய்விடும். ஆகவே இந்த உரையில் கட்டளை முதலில் வருகிறது, காரணம் அதன்பின் வருகிறது.

வாசிக்கும்போது பேச்சுவழக்குக்கு மாற்ற வேண்டாம். மேல்விஷாரம், வாலாஜா, ஆற்காடு, சோளிங்கர் என்று பல ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் உருதும் தெலுங்கும் பேசுகிறவர்களும் அவர்களில் உண்டு. முழுச் சொற்களை நிதானமாகச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். எவ்வளவு இளையவராக இருந்தாலும் 'நீங்கள்' என்றே சொல்லவும். 'நிறுத்தம்' என்று குறித்த இடத்தில் இரண்டு மூச்சு இழுத்து விடும் நேரம் காத்திருக்கவும். அந்த அமைதியைப் பேசி நிரப்ப வேண்டாம்.

உரை

அனைவருக்கும் வணக்கம். இன்று முதல் நீங்கள் எங்களோடு வேலை செய்யப் போகிறீர்கள். உங்களை வரவேற்கிறோம். கைபேசியை அணைத்துப் பைக்குள் வையுங்கள். இங்கே சொல்வது எல்லாம் உங்கள் உயிரைப் பற்றியது.

நாம் இங்கே பச்சைத் தோலைப் பதனிடுகிறோம். தோல் முதலில் உப்போடு வரும். அதை ஊறவைப்போம். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடியை நீக்குவோம். பிறகு அமிலத்தில் பதப்படுத்துவோம். அதன்பின் குரோம் உப்பு சேர்ப்போம். அப்போது தோல் நீல நிறமாகும். இத்தனை வேலையும் நடக்கும் இடம்தான் ஈரப் பிரிவு. உங்களில் பெரும்பாலோர் அங்கேதான் நிற்பீர்கள்.

(நிறுத்தம்)

இப்போது மிக முக்கியமான செய்தி. தொட்டிக்குள் இறங்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ, சேறு தேங்கும் குழிக்குள்ளோ, மூடிய சாக்கடைக்குள்ளோ இறங்காதீர்கள்.

காரணத்தைக் கேளுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு இருக்கிறது. அதில் அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் தொட்டி காலியாகத் தெரியும். ஆனால் உள்ளே அந்த வாயு இருக்கும்.

முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் ஆபத்து மிக அதிகம்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதுமா? போதாது. துணி எந்த வாயுவையும் தடுக்காது.

(நிறுத்தம்)

உங்கள் கண்ணெதிரே ஒருவர் தொட்டிக்குள் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் ஊர்க்காரராக இருக்கலாம். உங்கள் தம்பியாகவே இருக்கலாம். உடனே குதித்துத் தூக்கத் தோன்றும். அது இயல்பு. ஆனால் குதிக்காதீர்கள். அவரை மயக்கிய அதே வாயு உங்களையும் மயக்கும். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து இறப்பது இந்தத் தொழிலில் பலமுறை நடந்திருக்கிறது.

அப்போது என்ன செய்ய வேண்டும்? உரக்கக் கத்துங்கள். தூணில் இருக்கும் சிவப்பு மணியை அடியுங்கள். மேற்பார்வையாளரை அழையுங்கள். மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் அணிந்த மீட்புக் குழுவினர் மட்டுமே இறங்குவார்கள். 108-க்கு அழைக்க ஒருவரை அனுப்புங்கள். அவரது கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லி அனுப்புங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் இறங்கும் நாள் ஒன்று வரும். அன்று எழுத்தில் அனுமதி வேண்டும். இறங்கும் முன்னே வாயுவை அளக்க வேண்டும். மேலே ஒருவர் விலகாமல் காவல் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நீங்கள் மறுக்கலாம். "ஐயா, அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேஸ்திரி கோபப்பட்டாலும் கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காக உங்கள் மீது நடவடிக்கை எடுக்க மாட்டோம்.

(நிறுத்தம்)

2015 ஜனவரி 31-ஆம் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். இதே சிப்காட்டில், கழிவுநீர்ச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வேற்று மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆகவே தொட்டிச் சுவரில் விரிசலோ கசிவோ கண்டால் அன்றே சொல்லுங்கள். தொட்டி ஓரத்தில் படுக்காதீர்கள், மதிய உணவு நேரத்தில்கூட.

அடுத்தது அமிலம். முதலில் தண்ணீர், பிறகு அமிலம். இந்த வரிசை மாறக்கூடாது. அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள். குழாயடிக்குச் சென்று, கண்ணைத் திறந்து வைத்து, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அதன்பின்தான் மருத்துவமனை.

டிரம் சுழலும்போது கை நீட்டாதீர்கள். கதவைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்திய சுவிட்சுக்குப் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். கைலியும் துப்பட்டாவும் டிரம்மில் சிக்கும். அவற்றை அணிந்து டிரம் அருகே வராதீர்கள்.

பச்சைத் தோலில் அடைப்பான் போன்ற நோயின் கிருமி இருக்கக்கூடும். கையில் காயம் இருந்தால் மூடிக்கட்டிக் கையுறை போடுங்கள். சோப்பில் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

(நிறுத்தம்)

ஊதியம் பற்றி ஒன்று மட்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. நூறு ரூபாய்க்கு 75 காசு உங்களிடமிருந்து பிடிப்போம். மூன்று ரூபாய் 25 காசு நிறுவனம் கட்டும். வேலையில் அடிபட்டால் உங்கள் இஎஸ்ஐ எண்தான் உங்களுக்கு உதவும். எண் கைக்கு வந்ததும் வீட்டிலும் எழுதி வையுங்கள்.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். ஒருவர் தொட்டிக்குள் விழுந்துவிட்டார். நீங்கள் இறங்குவீர்களா?

(எல்லோரும் 'இறங்க மாட்டோம்' என்று சொல்லும் வரை காத்திருக்கவும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும், தொட்டி பற்றிய பகுதியை முதலிலிருந்து மீண்டும் வாசிக்கவும்.)

நன்றி. இனி சேமிப்பு அறைக்குச் செல்லுங்கள். உங்கள் கால் அளவைச் சொல்லி ரப்பர் காலணி வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அங்கேயே கிடைக்கும். பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். அளவு பொருந்தாவிட்டால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.