முன்மொழிவுப் படிவத்துடன் இணைக்கும் உடல்நல விவரக் கடிதம்

திண்டுக்கல்
12.06.2025

பெறுநர்: கிளை மேலாளர்
பொருள்: குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி, காப்புத் தொகை 10 லட்சம்

ஐயா,

படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. அதனால் ஐந்து பேரின் விவரத்தையும் இங்கே எழுதுகிறேன். இதையும் படிவத்தின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மா, பாக்கியம். ஆதாரில் பிறந்த தேதி 01.01.1959, அதன்படி 66 வயது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, அந்தத் தேதி உத்தேசமாகப் போட்டது. வாக்காளர் அட்டைக் கணக்கில் 68 வருகிறது. இரண்டின் நகலும் வைத்திருக்கிறேன். 68 என்று வைத்துப் பிரீமியம் போட்டாலும் சம்மதம், ஆனால் எந்த வயதை ஏற்றீர்கள் என்று பாலிசியில் இருக்க வேண்டும். 2015 முதல் சுகர், மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. 2018 முதல் பிரஷர், டெல்மிசார்டன் 40. இடது கண்ணில் 2022-ல் புரை எடுத்தோம். வலது கண்ணிலும் புரை இருப்பதாக 2024-ல் டாக்டர் சொன்னார், இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை.

நான், செந்தில்குமார், 14.03.1982, வயது 43. 2023 முதல் பிரஷருக்கு அம்லோடிபின் 5. 2019-ல் சிறுநீரகக் கல், மருந்திலேயே போய்விட்டது. 2020 வரை சிகரெட் பழக்கம் இருந்தது, இப்போது இல்லை.

மனைவி கவிதா, 02.09.1985, வயது 39. 2016 முதல் தைராய்டு, தினமும் தைராக்ஸின் 50. இரண்டு பிரசவமும் சிசேரியன். மகள் நிலா, 21.11.2010, வயது 14, எந்த நோயும் இல்லை. மகன் அகிலன், 05.05.2016, வயது 9. சிறு வயதில் வீசிங். கடைசியாக இன்ஹேலர் கொடுத்தது 2024 ஜனவரியில். மூன்று வருடத்துக்குள் வருவதால் இதையும் குறிப்பிடுகிறேன்.

ஏஜெண்ட் முதலில் கொண்டுவந்த படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தது. எழுதினால் பிரீமியம் ஏறும் என்றார். ஏறட்டும். என் மைத்துனர் சுகரை மறைத்து எடுத்த பாலிசி இரண்டாம் வருடத்தில் க்ளெய்முக்கு வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்து வருடமாகச் சுகர்' என்று இருந்த ஒரே வரியால் பணம் மறுக்கப்பட்டது. நகையை அடகு வைத்து பில் கட்டினார்கள். எங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது. அந்தப் படிவத்தை ரத்து செய்துவிட்டு, என் கையால் நிரப்பியதையே அனுப்புகிறேன்.

மேலே உள்ள ஒவ்வொரு நோயையும் பாலிசி அட்டவணையில் அவரவர் பெயருக்கு நேராக அச்சிட வேண்டும். காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போக முடியாது என்பது தெரியும், அதற்குச் சம்மதம். கூடுதல் பிரீமியம் உண்டென்றால் பாலிசி போடும் முன் எழுத்தில் சொல்லுங்கள். அம்மாவுக்கும் எனக்கும் மருத்துவப் பரிசோதனை தேவையென்றால் வருகிறோம். பாலிசியோடு இந்தக் கடிதத்தின் நகலும் வர வேண்டும். விவரம் விட்டுப்போயிருந்தால் 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் திருத்தம் கேட்பேன்.

மருந்துச் சீட்டுகள், அம்மாவின் கண் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, கடந்த மாத ரத்தப் பரிசோதனை எல்லாம் இணைத்துள்ளேன். இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியில் தேதியுடன் முத்திரை வைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
மு. செந்தில்குமார்