மெரூன் வெல்வெட்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். மேல் இரண்டு தட்டு தேவிக்கு, கீழ் இரண்டும் பவிக்கு. ஹேங்கர் கம்பி மட்டும் பொது. சண்டையெல்லாம் அங்கேதான்.

“அந்தச் சுடிதாரைத் தொடாதே. பார்ட்டிக்கு நான் போடப்போறேன்.”

“தீபாவளிக்கே போட்டாச்சே அக்கா! இன்னிக்கு என் ஃப்ரெண்டு பர்த்டே.”

“என்னையும்தான் கூப்பிட்டிருக்கா. என் சம்பளத்துல ஊட்டி கமர்சியல் ரோட்டுல எடுத்தது.”

“எப்படியும் மேலே ஸ்வெட்டர் மாட்டிக்குவே. யாருக்குத் தெரியப்போகுது?”

தேவிக்குச் சுருக்கென்றது. ஹேங்கரை வெடுக்கென இழுத்தாள். கைமடிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைப் பூஞ்சை.

“பாச்சா உருண்டை போடுன்னு சொன்னேன்ல?”

“உன் தட்டுக்குன்னு நினைச்சேன்.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு பவி பழைய டூத்பிரஷ்ஷால் பூஞ்சையை மெதுவாகத் தட்டி எடுத்தாள். தேவி துணியை உள்பக்கம் திருப்பினாள். வெல்வெட்டை நேராகத் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். ஆவி மட்டும் படும்படி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

“நீயே போட்டுக்கோ. கேக் பட்டுச்சு, அவ்ளோதான்.”

“அப்ப நீ?”

“உன் நீலப் பாவாடை. காலையிலயே எடுத்து வெச்சுட்டேன்.”

“அக்கா!”